மூன்று மடங்காகும் பிழை

ஒரு கோலிக்குண்டை வெர்னியர் அளவியின் தாடைகளுக்கு நடுவே வைத்து மெல்ல நெருக்குங்கள். விட்டம் 16.0 மில்லிமீட்டர் என்று காட்டுகிறது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. அதைவிடச் சிறிய வேறுபாட்டை அதனால் பார்க்க முடியாது. ஆகவே குண்டின் உண்மையான விட்டம் 15.9-க்கும் 16.1-க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிந்த செய்தி. இனி அதன் கன அளவைக் கணக்கிட வேண்டும். ஆரம் 8 மி.மீ.; வாய்பாடு V = (4/3)πr³; விடை 2,144.66 கன மி.மீ. கால்குலேட்டர் இன்னும் ஆறு இலக்கங்களைக் கூடத் தரும். அவற்றில் எத்தனை இலக்கங்களை நம்பலாம்?

விட்டத்தில் 16-க்கு 0.1 என்றால் பிழை சுமார் 0.6 சதவீதம். அதனால் கன அளவிலும் 0.6 சதவீதம்தான் பிழை இருக்கும் என்றே முதலில் தோன்றும். பல மாணவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் பிழை 1.9 சதவீதம், அதாவது மூன்று மடங்கு. 2,144.66 என்று இரண்டு தசமத்தோடு எழுதிய விடையில் 40 கன மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். நேர்மையாக எழுதினால் 2,140, கூட்டியோ கழித்தோ 40. பத்தாம் இடத்து இலக்கமே சந்தேகத்துக்குரியது என்றால், தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பவற்றுக்குப் பொருளே இல்லை.

இந்த மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். அதே மூன்று மடங்கு, உலகத்தின் கிலோகிராமையே மாற்றிய ஒரு கோளத்தில் என்ன வேலை செய்தது என்பதையும் பார்ப்போம்.

குண்டின் ஆரம் 8 மி.மீ. என்று நினைத்திருக்கிறோம், உண்மையில் அது 8.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாம் கணக்கில் விட்டது எதை? 0.05 மி.மீ. தடிமனில் குண்டைச் சுற்றிப் போர்த்திய ஒரு தோலை. வெங்காயத்தின் மேல் தோலைப் போன்ற மெல்லிய தோல் அது. அதை உரித்து மேசையில் தட்டையாகப் பரப்பினால், அதன் பரப்பு குண்டின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய சமம், உயரம் 0.05 மி.மீ. 8 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் மேற்பரப்பு 4πr², அதாவது சுமார் 804 சதுர மி.மீ. அதை 0.05 ஆல் பெருக்கினால் 40.2 கன மி.மீ. நாம் தேடிய பிழை இதுதான். நுண்கணிதம் இதை

dV = 4πr² dr

என்று எழுதுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் இதற்கு வகையீடு என்று பெயர். V-யின் வகைக்கெழுவை ஆரத்தின் சிறு மாற்றத்தால் பெருக்கினால் கிடைப்பது அது. (4/3)πr³-ஐ வகைப்படுத்தினால் 4πr² வருவதைப் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். கோளத்தை ஒரு தோல் அளவு வளர்த்தால் அது தன் மேற்பரப்பு முழுவதிலும் வளர்கிறது. அதனால்தான் அந்த விடை மேற்பரப்பாக வருகிறது. இதைப் பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது.

இனி இருபுறத்தையும் V-யால் வகுத்துப் பாருங்கள். 4π அடிபடுகிறது, r² அடிபடுகிறது, மிஞ்சுவது

dV/V = 3 dr/r

கன அளவின் ஒப்பீட்டுப் பிழை, ஆரத்தின் ஒப்பீட்டுப் பிழையைப் போல மூன்று மடங்கு. r-இன் தலையில் இருந்த அடுக்கு 3 கீழே இறங்கி வந்து பெருக்கியாக நிற்கிறது. கோலிக்குண்டானாலும் பூமியானாலும் இதே 3-தான். வட்டத்தின் பரப்பாக இருந்திருந்தால் 2. ஊசலின் நீளத்திலிருந்து அலைவு நேரத்தைக் கணக்கிடுகிறோம் என்றால், நீளம் வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் பெருக்கி அரை; அங்கே பிழை பாதியாகக் குறைந்துவிடும்.

8.05-ஐ நேரடியாகக் கனமாக்கிக் கழித்துப் பார்த்தால் ஆகாதா, இதற்கு எதற்கு வகையீடு என்று கேட்கலாம். ஆகும். கழித்துப் பார்த்தால் 40.46 வருகிறது. வகையீடு தந்தது 40.21. கால் கன மி.மீ. வித்தியாசம். உரித்த தோலைத் தட்டையாகப் பரப்பும்போது அதன் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிடச் சற்றே அகலம் என்பதை நாம் கணக்கில் எடுக்கவில்லை; அந்தக் கால் கன மி.மீ. அதுதான். பிழை எவ்வளவு என்ற கேள்விக்கு 40 என்ற விடையே போதும், 40.21-ஆ 40.46-ஆ என்பது யாருக்கும் தேவையில்லை. நேரடிக் கழித்தல் ஒரு குண்டுக்கு ஒரு எண்ணைத் தருகிறது. வகையீடு எல்லாக் கோளங்களுக்கும் ஒரு விதியைத் தருகிறது. அந்த விதியைப் பின்னோக்கியும் ஓட்டலாம். கன அளவு 0.3 சதவீதத்துக்குள் வேண்டும் என்றால் ஆரம் 0.1 சதவீதத்துக்குள் தெரிந்திருக்க வேண்டும். 16 மி.மீ. குண்டுக்கு அது விட்டத்தில் 0.016 மி.மீ. வெர்னியர் போதாது, திருகு அளவியை எடுக்க வேண்டும் என்று அளக்கத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. எந்தக் கருவியை எடுப்பது என்று முன்கூட்டியே சொல்வதுதான் இந்த விதியின் பெரிய பயன் என்று நான் நினைக்கிறேன். பாடப் புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் முன்னோக்கி மட்டுமே ஓடுகின்றன.

இதற்கு எல்லையும் உண்டு. தோல் மெல்லியதாக இருக்கும் வரைதான் தட்டையாகப் பரப்பலாம். குண்டை வெறும் அளவுகோலை ஒட்டிப் பிடித்து அளந்து, ஆரத்தில் 0.8 மி.மீ. தவறிவிட்டோம் என்று வையுங்கள். அது 10 சதவீதம். விதி சொல்வது 30 சதவீதம். உண்மையில் ஆரம் கூடியிருந்தால் கன அளவு 33.1 சதவீதம் கூடும், குறைந்திருந்தால் 27.1 சதவீதம் குறையும். தோல் தடித்துவிட்டது, இப்போது அது ஆரஞ்சுத் தோல். விதி முற்றிலும் பொய்த்துவிடவில்லை, ஆனால் இரு பக்கமும் சமம் என்று அது சொன்னது பொய்த்துவிட்டது. ஆரத்தின் பிழை ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. பத்தைத் தொட்டால் நேரடியாகக் கணக்கிட்டுவிடுவதே நல்லது.

மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நாம் அளப்பது விட்டத்தை. வாய்பாட்டில் இருப்பதோ ஆரம். விட்டத்தில் 0.1 பிழை என்றால் ஆரத்தில் 0.05. இதை மறந்து dr-க்கு 0.1 போட்டால் விடை இரட்டிப்பாகிவிடும். சதவீதத்தில் வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை. 16-க்கு 0.1 என்பதும் 8-க்கு 0.05 என்பதும் ஒரே விகிதம். நேராக மூன்றால் பெருக்கிவிடலாம்.

இனி பெரிய கோளத்துக்கு வருவோம்.

1889 முதல் உலகத்தின் கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் பூட்டி வைக்கப்பட்ட ஓர் உருளை. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உலோகம். அதன் நிறையே வரையறைப்படி ஒரு கிலோகிராம். அதே உலோகத்தில் செய்த பிரதிகளோடு அதை ஒப்பிட்டபோது, நூறு ஆண்டுகளில் சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்கு அவை ஒன்றுக்கொன்று விலகியிருப்பது தெரியவந்தது. மூலம் இளைத்ததா, பிரதிகள் கனத்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது. மூலம்தானே அளவுகோல்! அதை அளக்க வேறு எது இருக்கிறது?

அதற்கு ஒரு வழி, அணுக்களை எண்ணுவது. ஒரு கிலோகிராம் சிலிக்கானில் எத்தனை அணுக்கள் என்று தெரிந்துவிட்டால், இனி எந்த உருளையும் தேவையில்லை. சிலிக்கானைத் தேர்ந்ததற்குக் காரணம், கணினிச் சில்லுத் தொழில் அதன் படிகத்தை ஏறக்குறைய குறையே இல்லாமல் வளர்க்கக் கற்றுக்கொண்டிருந்ததுதான். அந்தப் படிகத்தில் அணுக்கள் சிறுசிறு கனசதுர அறைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் எட்டு அணுக்கள் கணக்கு. அறையின் பக்க நீளம் சுமார் 0.543 நானோமீட்டர். அதை a என்போம். படிகத்தின் மொத்தக் கன அளவை ஓர் அறையின் கன அளவால் வகுத்து எட்டால் பெருக்கினால் அணுக்களின் எண்ணிக்கை:

N = 8V/a³

மூட்டையில் எத்தனை நெல் என்று அறிய மூட்டையின் அளவை நெல்லின் அளவால் வகுப்பது போலத்தான். நெல்லுக்கு இடையே காற்று உண்டு. படிகத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

V-யை அளக்க வசதியாக அந்தப் படிகத்தைக் கோளமாகக் கடைந்தார்கள். கனசதுரமாக வைத்திருந்தால் மூன்று பக்கங்களை அளக்க வேண்டும், முனைகள் எங்கேயாவது இடித்துச் சில்லு போகும். கோளத்துக்கு முனையும் இல்லை, ஓரமும் இல்லை. ஒரே ஒரு நீளத்தை அளந்தால் போதும். அதற்குக் கொடுக்கும் விலை அந்த மூன்று மடங்கு. எல்லாச் சுமையும் அந்த ஒரே நீளத்தின் மேல் விழுகிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் அகிம் லைஸ்ட்னர் என்ற ஜெர்மனியில் பிறந்த ஒளியியல் கைவினைஞரும் அவர் குழுவும் இந்தக் கோளங்களைக் கையால் தேய்த்து மெருகேற்றினார்கள். விட்டம் சுமார் 93.7 மி.மீ. உள்ளங்கையை நிறைக்கும் கண்ணாடிப் பந்து போல மின்னும். கன அளவு சுமார் 431 கன செ.மீ., நிறை ஒரு கிலோகிராம்.

எவ்வளவு துல்லியம் தேவை? வரையறையை மாற்றுவதற்கு முன் அளவியலாளர்கள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஒரு சோதனையாவது பத்துக் கோடியில் இரண்டு பங்குக்கு மேல் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது. நம் விதியைப் பின்னோக்கி ஓட்டுங்கள். எல்லாப் பிழையும் ஆரத்திலிருந்தே வருகிறது என்று வைத்தால், dr/r என்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆரம் 46.9 மி.மீ. ஆகவே dr = 0.3 நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தில் அடுத்தடுத்த இரு அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் 0.235 நானோமீட்டர். கையால் தேய்த்துச் செய்த ஒரு பந்தின் ஆரம், ஓர் அணுவின் தடிமனை ஒட்டிய பிழைக்குள் தெரிந்திருக்க வேண்டும்! கோலிக்குண்டில் நாம் உரித்த தோல் இங்கே ஓர் அணு அடுக்காக மெலிந்துவிட்டது.

அளப்பது ஒளியால். எதிரெதிரே இரண்டு கண்ணாடி முகங்கள். முதலில் அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் நீளத்தை லேசர் ஒளியின் குறுக்கீட்டால் அளக்கிறார்கள். பிறகு கோளத்தை நடுவே வைத்து, இருபுறமும் மிஞ்சும் இடைவெளிகளை அளந்து கழிக்கிறார்கள். மிச்சம் கோளத்தின் விட்டம். இதை ஒரு திசையில் மட்டும் செய்யாமல், கோளத்தைத் திருப்பித் திருப்பி மேற்பரப்பு முழுவதும் செய்கிறார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள தேசிய அளவியல் நிறுவனத்திலும், ஜப்பானின் சுகுபாவிலும் இந்த வேலை நடந்தது.

திருப்பித் திருப்பி அளக்கக் காரணம், எவ்வளவு மெருகேற்றினாலும் அது சரியான கோளம் இல்லை என்பது. ஒரு திசையின் விட்டத்துக்கும் இன்னொரு திசையின் விட்டத்துக்கும் பல பத்து நானோமீட்டர் வித்தியாசம் இருந்தது. நமக்குத் தேவையான 0.3-ஐப் போல அது நூறு மடங்கை நெருங்குகிறது. சரியான கோளமே இல்லாத ஒன்றுக்குக் கோளத்தின் வாய்பாட்டைப் போடலாமா? போடலாம் என்று வகையீடு சொல்கிறது. மேடும் பள்ளமும் தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவது போலத்தான். மொத்தத் தோலின் கன அளவு மேற்பரப்பு பெருக்கல் சராசரித் தடிமன். ஆகவே எல்லாத் திசைகளிலும் அளந்து சராசரி ஆரத்தை எடுத்தால் போதும். முதல்படிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டாம்படி. மேடுபள்ளம் 30 நானோமீட்டர் என்றால் 30-ஐ ஆரத்தால் வகுத்து வர்க்கமாக்குங்கள். லட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூட அது எட்டாது. நமக்கு வேண்டிய துல்லியத்துக்குப் பல ஆயிரம் மடங்கு கீழே. எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கருவி எனக்கு வேறொன்று தெரியாது.

வெப்பநிலையும் இதே விதிக்குள் வருகிறது. ஒரு டிகிரி சூடானால் சிலிக்கானின் நீளம் பத்து லட்சத்தில் 2.56 பங்கு கூடுகிறது. கன அளவு அதைப் போல மூன்று மடங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி தவறினால்கூட விட்டத்தில் கால் நானோமீட்டர் போய்விடும். அதனால் 20 டிகிரி செல்சியஸில், அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பநிலையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

கோலிக்குண்டில் நாம் கற்பனையாக உரித்த தோல், இந்தக் கோளத்தின் மேல் உண்மையிலேயே இருக்கிறது. காற்று பட்ட சிலிக்கான் ஓரிரு நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் போர்த்திக்கொள்கிறது. ஒளி அளப்பது அந்தப் படலத்தோடு சேர்ந்த விட்டத்தை. நமக்கு வேண்டியதோ படிகத்தின் விட்டம். படலம் ஒரு நானோமீட்டர் என்றாலே, அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் கன அளவில் பத்துக் கோடியில் ஆறு பங்கு தவறிவிடும். அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு. படலத்துக்கு நிறையும் உண்டு. கோளத்தின் மேற்பரப்பு 276 சதுர செ.மீ.; ஒரு நானோமீட்டர் தடிமனுக்குச் சுமார் 60 மைக்ரோகிராம் வருகிறது. செவ்ர் உருளைக்கும் அதன் பிரதிகளுக்கும் நூறு ஆண்டுகளில் வந்த விலகலைவிட அதிகம். எனவே கோளத்தை அளப்பதோடு, அதன் தோலையும் எக்ஸ் கதிர்களாலும் ஒளியாலும் தனியே அளந்து கழிக்க வேண்டியிருந்தது.

அறையின் நீளம் a-யும் கனத்தில்தான் இருக்கிறது. அதன் பிழைக்கும் மூன்று மடங்கு. ஆனால் அது வகுக்கும் இடத்தில் இருப்பதால் குறி எதிர்: dN/N = 3 dr/r − 3 da/a. இந்தக் கழித்தல் குறியில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இரண்டு நீளங்களையும் ஒரே அளவுகோலால் அளந்து, அந்த அளவுகோலே சற்று நீண்டுபோயிருந்தது என்று வையுங்கள். இரண்டு பிழைகளும் ஒரே விகிதத்தில் வரும், ஒன்றையொன்று அழித்துவிடும். பொதுவான பிழை எண்ணிக்கையைத் தொடுவதில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகள்தான் தங்கும். அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. இரண்டும் ஒரே பக்கம் சாயும் என்று சொல்ல முடியாதே! வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3-உம் 4-உம் சேர்ந்தால் 7 ஆகாது, 5 ஆகும். இந்தக் கூட்டலில் பெரியதே ஆளும். 5-ஓடு 1 சேர்ந்தால் 5.1-தான். அதனால் சிறிய பிழையைக் குறைக்க உழைப்பது வீண். இந்தக் கோளத்தின் பிழைப் பட்டியலில் பெரியது கன அளவின் பங்குதான். மூன்று மடங்கு தன் வேலையைக் காட்டியது.

இவ்வளவு சொன்ன பிறகு, வகையீட்டால் முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளே போன பிழை வெளியே எவ்வளவாக வரும் என்பதை அது சொல்லும். உள்ளே எவ்வளவு போனது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் வெர்னியரில் 0.3 மி.மீ. சுழிப்பிழை இருந்து, நீங்கள் அதைப் பார்க்காமல் விட்டிருந்தால், 1.9 சதவீதம் என்ற கணக்கு அப்படியே நிற்கும்; உண்மைப் பிழையோ ஐந்தரை சதவீதத்தைத் தாண்டியிருக்கும். கணக்கில் எந்தத் தவறும் தெரியாது.

சிலிக்கான் கோளத்துக்கும் இது நேர்ந்தது. 2003-இல் இயற்கைச் சிலிக்கானில் செய்த கோளங்களிலிருந்து அவகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். தங்கள் பிழை பத்து லட்சத்தில் 0.3 பங்கு என்று குறித்திருந்தார்கள். அதே நேரத்தில், மின்விசையையும் எடையையும் ஈடு செய்யும் வாட் தராசு என்ற முற்றிலும் வேறான கருவியின் வழியாக வந்த விடை, பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகி நின்றது. குறித்த பிழையைப் போல மூன்று மடங்கு. இரண்டில் ஏதோ ஒன்று தன் பிழையைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. தனித்தனி வழிகள் ஒத்துப்போகாதபோதுதான் இது வெளியே வரும். ஒரே வழியை ஆயிரம் முறை திருப்பிச் செய்தாலும் வராது.

எங்கே தேடுவது? இங்கே வகையீடு மறுபடியும் கைகொடுக்கிறது. நீங்களே போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகல் ஆரத்திலிருந்து வந்தது என்றால், ஆரம் 15 நானோமீட்டருக்கு மேல், விட்டம் 30-க்கு மேல் தவறியிருக்க வேண்டும். ஒரு நானோமீட்டரைப் பார்க்கும் லேசர் அதைத் தவறவிடாது. அவகாட்ரோ எண்ணுக்கான வாய்பாட்டில் இன்னோர் உறுப்பு உண்டு: சிலிக்கானின் மோலார் நிறை. அதற்கு மூன்று மடங்கு இல்லை, ஒரு மடங்குதான். ஆனால் இயற்கைச் சிலிக்கான் மூன்று வகை அணுக்களின் கலவை: நிறை எண் 28 உடையவை 92 சதவீதம், மீதி 29-உம் 30-உம். எடைகூடிய அணுக்களை எண்ணும்போது பத்து லட்சத்துக்குப் பதினான்கு அணுக்கள் 28-க்குப் பதில் 30 என்று மாறிப்போனால் போதும், அந்த விலகல் வந்துவிடும். குறை அங்கேதான், அந்தக் கலவை விகிதத்தை அளந்ததில் என்று பின்னால் முடிவுக்கு வந்தார்கள்.

அதைச் சரிசெய்த விதம் எனக்குப் பிடித்தது. கலவையை இன்னும் நுணுக்கமாக அளக்க முயல்வதை விட்டு, கலவையையே ஏறக்குறைய இல்லாமல் செய்தார்கள். ரஷ்யாவில் மையவிலக்கு இயந்திரங்களில் சுழற்றிப் பிரித்து, 99.99 சதவீதத்துக்கும் மேல் 28 மட்டுமே உள்ள சிலிக்கானை எடுத்தார்கள். பெர்லினில் அதைப் படிகமாக வளர்த்தார்கள். மீதி இருக்கும் கனமான அணுக்களை எண்ணுவதில் நூற்றுக்கு ஒன்று தவறுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கைச் சிலிக்கானில் அந்தத் தவறு மோலார் நிறையில் பத்து லட்சத்தில் 39 பங்கு. செறிவூட்டிய சிலிக்கானில் 0.04 பங்கு. அளக்கும் திறன் அதுவேதான். பிழை மட்டும் தொள்ளாயிரம் மடங்குக்கு மேல் குறைகிறது.

2011-இல் இந்தப் புதிய கோளங்களிலிருந்து பத்துக் கோடியில் மூன்று பங்குப் பிழையோடு விடை வந்தது. 2015-இல் அது இரண்டு பங்கானது. வாட் தராசின் விடைகளும் பக்கத்தில் வந்து சேர்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய எடை, அளவுகளுக்கான பொதுமாநாடு புதிய வரையறையை ஏற்றது. 2019 மே 20 முதல் அது நடப்புக்கு வந்தது. கிலோகிராம் இன்று பிளாங்க் மாறிலியால் வரையறுக்கப்படுகிறது. அவகாட்ரோ எண்ணும் 6.02214076 × 10²³ என்று நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. அதில் இனிப் பிழையே கிடையாது.

சிலிக்கான் கோளங்களுக்கு வேலை முடிந்துவிடவில்லை. வாய்பாட்டை இப்போது மறுபக்கத்திலிருந்து படிக்கிறார்கள். மாறிலிகள் நிலையானவை என்பதால், விட்டத்தை அளந்து அணுக்களை எண்ணி, கோளத்தின் நிறை எத்தனை கிலோகிராம் என்று கண்டுபிடிக்கிறார்கள். புதிய வரையறையின்படி கிலோகிராமைக் கையில் எடுத்துக் காட்டும் வழிகளில் அதுவும் ஒன்று. அங்கேயும் ஆரத்தில் 0.3 நானோமீட்டர் தவறினால் நிறையில் 20 மைக்ரோகிராம் தவறுகிறது.